"போன தடவை மாதிரியே": அரைகுறை உத்தரவும் அதன் பின் வந்த பழியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் ஒரு நடுத்தர பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். மெர்ச்சண்டைசிங் பிரிவில் மேனேஜர் ஒருவர், அவருக்குக் கீழே நான்கு மெர்ச்சண்டைசர்கள். இந்த ஆய்வுக்குரியவர் அந்த நால்வரில் ஒருவர், மூன்றாண்டு அனுபவம் உள்ள பெண். மேனேஜர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழிலில் இருப்பவர். துணியைத் தொட்டே ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை, சொல்லிவிடுவார். பையர்களோடு பேசுவதெல்லாம் அவர்தான். ஆர்டர் ஃபைலை நடத்துவது மெர்ச்சண்டைசரின் வேலை: நூல் வாங்குவது, நிட்டிங், டையிங், சாம்பிள், கட்டிங் வரை.

உத்தரவுகள் பெரும்பாலும் இரண்டு நேரங்களில் வந்தன. ஒன்று, காலையில் அவர் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது வாட்ஸ்அப் குரல் பதிவாக. இன்னொன்று, மாலையில் பையரோடு போன் பேசி முடித்த கையோடு, நடந்துகொண்டே. "பாத்துப் பண்ணும்மா", "நல்லா வரணும்", "கொஞ்சம் குறைச்சுக்க", "அன்னைக்கு சொன்னேன்ல, அதே" என்ற அளவில்தான் அவை இருக்கும். தவறு நேர்ந்தால் அவர் சொல்வதும் ஒன்றுதான்: "நான் தெளிவாத்தான் சொன்னேன், நீ சரியா வாங்கிக்கல."

முதல் நிகழ்வு: 620 கிலோ துணி

ஒரு திங்கட்கிழமை காலை 11 விநாடிக் குரல் பதிவு ஒன்று வந்தது. "அந்த ரவுண்ட் நெக் ரிப்பீட் வந்துருச்சு. போன தடவை மாதிரியே பண்ணிரும்மா. டைம் இல்ல, யார்ன் இன்னைக்கே போட்டுரு."

9,600 பீஸ் ஆர்டர். ரிப்பீட் என்பதால் பையரிடமிருந்து ஆடை விவரங்கள் அடங்கிய புதிய டெக் பேக் வரவில்லை. அவர்கள் அனுப்பிய பி.ஓ.வில், அதாவது கொள்முதல் ஆணையில், ஸ்டைல் எண்ணும் அளவு வாரியான எண்ணிக்கையும் மட்டுமே இருந்தன. சிக்கல் என்னவென்றால், அதே ஸ்டைல் ஏற்கனவே இரண்டு முறை போயிருந்தது. முதல் முறை 150 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, 30ஆம் நம்பர் நூல். இரண்டாம் முறை குளிர்காலத்துக்காக 180 ஜிஎஸ்எம், அதைவிடத் தடிமனான 24ஆம் நம்பர் நூல். "போன தடவை" என்றால் கடைசித் தடவைதானே என்று மெர்ச்சண்டைசர் 24ஆம் நம்பர் நூலுக்கு பி.ஓ. போட்டார். பீஸுக்கு 200 கிராம் துணி, மொத்தம் 1,920 கிலோ, அதற்கு மேல் நிட்டிங், டையிங் இழப்பு என்று கணக்கிட்டு ஏறத்தாழ 2,050 கிலோ நூல்.

புதன்கிழமை நிட்டிங் தொடங்கியது. வியாழன் மாலை நிட்டிங் யூனிட் பக்கம் போன மேனேஜர் ஒரு ரோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன இவ்வளவு கனமா இருக்கு?" என்று கேட்டார். அதற்குள் 620 கிலோ கிரே துணி, அதாவது சாயமேற்றாத துணி, ஓடி முடிந்திருந்தது. அவர் பையருக்கு விலை கொடுத்தது 150 ஜிஎஸ்எம் கணக்கில், 1,600 கிலோ துணிக்கு. 180இல் போனால் ஒரே ஆர்டருக்கு 320 கிலோ துணி கூடுதல். லாபம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை ஜி.எம். முன்னால் பேச்சு நடந்தது. "நான் தெளிவாச் சொன்னேன் சார், இந்தப் பொண்ணு கவனிக்கல. சம்பளத்துல பிடிச்சாத்தான் புத்தி வரும்" என்றார் மேனேஜர். மெர்ச்சண்டைசர் குரல் பதிவை அங்கேயே போட்டுக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. அதில் 150 என்றும் இல்லை, 180 என்றும் இல்லை.

சம்பளப் பிடித்தம் நடக்கவில்லை. ஆனால் அந்த மிரட்டல் இத்துறையில் அடிக்கடி கேட்கக்கூடியது என்பதால் ஒரு குறிப்பு. சம்பளப் பட்டுவாடாச் சட்டம் 1936இலும் சரி, அதற்குப் பின் வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் 2019இலும் சரி, பொருள் இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் அந்த ஊழியருக்கு முதலில் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். மேனேஜர் வாயால் சொல்லி, அக்கவுண்ட்ஸ் ஆள் கழித்துவிட முடியாது.

என்ன தவறியது

உத்தரவில் விடுபட்டது ஒரே ஒரு தகவல்: எந்த முறை போன ஆர்டர். அதை மேனேஜர் மறைக்கவில்லை. முந்தின நாள்தான் அவர் இந்த ஆர்டருக்கு விலைக் கணக்கு, அதாவது காஸ்டிங், போட்டிருந்தார். 150 என்பது அவர் தலைக்குள் அவ்வளவு அண்மையில் இருந்ததால் அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நெடுநாள் அனுபவசாலிகளிடம் இது அதிகம். தனக்குத் தெரிந்தது எதிராளிக்கும் தெரியும் என்ற எண்ணத்திலேயே பேசுவார்கள்.

மெர்ச்சண்டைசர் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. அந்த ஆர்டரின் காஸ்டிங் ஷீட் பொது ஃபோல்டரிலேயே இருந்தது. அதில் ஜிஎஸ்எம் தெளிவாக எழுதியிருந்தது. "இன்னைக்கே" என்ற சொல்லின் அவசரத்தில் அதை அவர் திறந்து பார்க்கவில்லை. உத்தரவு மங்கலாக இருந்தாலும் பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதை ஜி.எம். சுட்டிக்காட்டினார், அது நியாயம்தான்.

எடுத்த முதல் முடிவு, அது பலிக்காத காரணம்

அடுத்த ஒரு வாரம் அவர் மேனேஜரின் தெளிவற்ற உத்தரவுகளைத் தேதியோடு குறித்து வைத்தார். பதினான்கு சேர்ந்தன. அவற்றை ஒரே மெயிலில் வரிசையாக எழுதி, "இவற்றைத் தெளிவுபடுத்தவும்" என்று மேனேஜருக்கு அனுப்பி, ஜி.எம்.முக்கும் சிசி போட்டார்.

ஜி.எம்.மின் பதில் ஒரு வரி: உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மேனேஜர் பதிலே போடவில்லை. அன்றிலிருந்து எழுத்தில் எதுவும் வரவில்லை. குரல் பதிவுகூட நின்றது. எல்லாம் போனில் அல்லது நேரில். அதாவது, முன்பு மங்கலாகவாவது இருந்த பதிவு இப்போது அடியோடு இல்லாமல் போனது.

பதிவு வைத்ததில் பிழையில்லை. பதினான்கையும் ஒன்றாகக் கட்டி, மேலதிகாரி முன்னால் வைத்ததுதான் பிழை. அந்த மெயிலைப் படிக்கும் எவருக்கும் அது கேள்விப் பட்டியலாகத் தெரியாது, குற்றப்பத்திரிகையாகத்தான் தெரியும். அதில் பாதி வேலைகள் ஏற்கனவே நல்லபடியாக முடிந்தும் இருந்தன.

அந்தப் பட்டியலை மறுபடி படித்தபோது

ஆனாலும் அந்தப் பட்டியல் வேறு விதத்தில் உதவியது. பிரிவில் மூத்த மெர்ச்சண்டைசர் ஒருவர், "ஒண்ணு சொல்லட்டுமா, இதுல எல்லாம் ஒரே ரகம் இல்ல" என்று உட்கார்ந்து பிரித்துக் காட்டினார்.

எட்டு உத்தரவுகளில் மேனேஜருக்கு விடை தெரியும், சொல்ல விட்டுவிட்டார். 150 ஜிஎஸ்எம் அந்த ரகம். இவற்றுக்குக் கேட்டால் போதும், இரண்டு நிமிடத்தில் விடை வரும்.

ஐந்தில் அவருக்கே விடை தெரியாது. பையர் இன்னும் முடிவு சொல்லவில்லை. "நேவி கொஞ்சம் நைஸா வரணும்" என்பது அப்படிப்பட்டது. ஷேடு ஒப்புதலுக்காகச் சாயமேற்றி அனுப்பும் மாதிரியான லேப் டிப்பில் ஏ, பி, சி என்று மூன்று ஷேடு போயிருந்தன, பையரிடமிருந்து ஒப்புதல் வரவில்லை. அதைச் சொல்லாமல் "நைஸா" என்ற சொல்லால் மேனேஜர் இடைவெளியை அடைத்திருந்தார். இந்த ரகத்தில் "என்ன சார் அர்த்தம்?" என்று எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல்தான் வரும், ஏனென்றால் அர்த்தம் இன்னும் பிறக்கவே இல்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "பையர் ஒப்புதல் வந்துருச்சா சார், இல்ல அது வரைக்கும் டையிங்கை நிறுத்தி வைக்கட்டுமா?"

மிச்சம் ஒன்று, கடைசி ஒன்று, சிக்கலான ரகம். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் தள்ளப்படலாம் என்று தெரிந்த ஒரு தையல் குறையைப் பற்றி "பாத்து அனுப்பிரு" என்றிருந்தார். முடிவின் பொறுப்பு தன் மேல் விழாமல் இருக்க, தெரிந்தே திறந்து விட்ட உத்தரவு. இந்த ரகம் குறைவுதான். ஆனால் வேலைக்கே உலை வைப்பது இதுதான்.

இந்தப் பிரிப்புக்கு முன்பு மெர்ச்சண்டைசர் எல்லா உத்தரவையும் மூன்றாவது ரகமாகவே நினைத்திருந்தார். கோபத்துக்கு அதுவே பெரிய காரணம்.

மாற்றிய முறை

முதலில் மேனேஜரோடு தனியாக ஒரு பேச்சு. சனிக்கிழமை மதியம், ஷிப்மென்ட் எதுவும் இல்லாத நேரம் பார்த்து. "நீங்க தெளிவாச் சொல்றதில்ல" என்ற வாக்கியத்தை அவர் தவிர்த்தார். சொன்னது இது: "சார், அந்த மெயில் அப்படி அனுப்பியிருக்கக் கூடாது. இனிமே நூல், டையிங், கட்டிங் மூணுக்கும் முன்னாடி மட்டும் நான் எழுதிக் காட்டிட்டுப் போறேன். உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகும். மத்ததுக்கெல்லாம் தொந்தரவு பண்ண மாட்டேன்." மேனேஜர் "சரி பாரு" என்றார். அதுவே ஒப்புதல்.

அந்த மூன்று இடங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நூல் வாங்கிவிட்டால் கவுன்ட்டை, அதாவது நூல் நம்பரை, மாற்ற முடியாது. வெளிர் நிறத்தை அடர்த்தியாக்கலாம், அடர்ந்த சாயத்தை ஏற்றியபின் வெளிர் நிறத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. வெட்டிய துணியைப் பெரிய அளவாக ஆக்க முடியாது. இவற்றுக்கு நடுவில் செய்யும் மற்ற தவறுகளைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒப்புதல் கேட்டால் இரண்டு வாரத்தில் மேனேஜர் எதையும் படிக்க மாட்டார், கேட்பவருக்கும் சுயமாக முடிவெடுக்கத் தெரியாதவர் என்ற பெயர் வந்துவிடும்.

எழுதும் செய்தியின் அமைப்பும் மாறியது. முன்பு, "சார், எந்த ஜிஎஸ்எம்?" என்று கேட்பார். பதில் வர அரை நாள் ஆகும், அல்லது "போன தடவை மாதிரிதான்" என்றே திரும்பி வரும். இப்போது செய்தி இப்படிப் போனது:

"சார், போலோ ரிப்பீட். காஸ்டிங் ஷீட்படி 220 ஜிஎஸ்எம் பிக்கே என்று எடுத்துக்கொள்கிறேன். போன ஆர்டர் 240இல் போயிருக்கிறது, அது இல்லை. நூல் பி.ஓ. இன்று 4 மணிக்குப் போடுகிறேன். சரியா, 240ஆ?"

இந்தச் செய்தியில் மூன்று வேலை நடக்கிறது. தான் புரிந்துகொண்டது எண்ணாகத் தெரிகிறது. குழப்பம் எங்கே வரக்கூடும் என்பது பெயர் சொல்லி நிற்கிறது. பதில் சொல்ல ஒரு சொல் போதும். கார் ஓட்டுபவர்கூட சிக்னலில் நிற்கும்போது "220" என்று அனுப்பிவிடுவார், அனுப்பவும் செய்தார்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். "மாற்றம் இல்லையென்றால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டு நூலை வாங்கினால், தவறு நேரும்போது "நான் அதைப் பாக்கவே இல்லையே" என்ற பதில் தயாராக இருக்கும். எனவே திரும்ப முடியாத மூன்று இடங்களில் மௌனத்தை ஒப்புதலாக எடுப்பதில்லை என்று அவர் வைத்துக்கொண்டார். ஆனால் வேலையை நிறுத்தினால் தாமதத்துக்கும் அவர்தானே பழி சுமப்பார்? அதற்காகச் செய்தியிலேயே தாமதத்தின் விலையையும் எழுதினார்: "நாளை காலை 10க்குள் ஷேடு சொன்னால் புதன் டையிங்கில் ஏறும். தாண்டினால் அடுத்த இடம் திங்கட்கிழமைதான்." மாலை வரை பதில் இல்லையென்றால் போன் இல்லை, நேரே அவர் மேசைக்கு, கையில் துணியோடு.

துணியைக் கையில் கொடுத்தது

எழுத்தைவிட அதிகம் உதவியது இதுதான். மேனேஜர் படிக்கிற ஆள் இல்லை, தொட்டுப் பார்க்கிற ஆள். ஒரு ஃபிட் சாம்பிளைப் பார்த்துவிட்டு அவர், "கழுத்து கொஞ்சம் பிடிக்குது, பாத்துக்க" என்று சொல்லிப் போனார். இதற்கு இரண்டு அர்த்தம் எடுக்கலாம். கழுத்து வெட்டு அப்படியே இருக்க, கழுத்துப் பட்டியான ரிப்பின் நீளத்தை மட்டும் 44 செ.மீ.இலிருந்து 46 செ.மீ. ஆக்கித் தைப்பது ஒன்று. கழுத்து அகலத்தையே 1 செ.மீ. கூட்டி வெட்டுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தால் அளவு அட்டவணை மாறும், பையரிடம் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும்.

மெர்ச்சண்டைசர் கேள்வி எழுதவில்லை. சாம்பிள் பிரிவில் இரண்டு கழுத்துகளையும் முன்பாகம் மட்டும் மாதிரியாகத் தைக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. மேசையில் வைத்ததும் மேனேஜர் இரண்டையும் இழுத்துப் பார்த்து, ரிப் நீட்டியதை எடுத்து, "இது" என்றார். மெர்ச்சண்டைசர் அதிலேயே ஒரு அட்டையைக் குத்தி, "ரிப் 46, அகலம் மாற்றமில்லை" என்று எழுதி, தேதி போட்டு நீட்டினார். கையெழுத்துப் போட்டார் மேனேஜர், தயக்கமே இல்லாமல். ஸ்வாட்ச் கார்டிலும் சீல் சாம்பிளிலும் கையெழுத்திடுவது இத்தொழிலின் பழக்கம். மெயிலில் ஒப்புதல் கேட்டால் தன்னை மாட்டிவிடப் பார்க்கிறாள் என்று நினைக்கும் அதே மனிதர், துணியில் கையெழுத்திடும்போது வேலை செய்வதாகவே உணர்ந்தார்.

போனில் மட்டும் வந்த உத்தரவுகளுக்கு, பேசி முடித்ததும் மெர்ச்சண்டைசர் "இப்ப பேசுனபடி: சைஸ் லேபிள் பக்கவாட்டுத் தையலில், கழுத்தில் இல்லை" என்று ஒரு வரி அனுப்பிவிடுவார். கேள்விக்குறி இல்லாத செய்தி. தவறாக இருந்தால் மட்டும் மேனேஜர் திருப்பி அழைப்பார். இரண்டு முறை அழைத்திருக்கிறார்.

சோதனை வந்த நாள்

அந்தக் கழுத்து விவகாரம் உற்பத்திக்கு முன் நடக்கும் பிபி மீட்டிங்கில் மறுபடி எழுந்தது. கட்டிங் மாஸ்டர், புரொடக்‌ஷன் ஆள், குவாலிட்டி எல்லாரும் இருந்தார்கள். மேனேஜர் சாம்பிளை எடுத்துப் பார்த்து, "கழுத்து அகலம் கூட்டச் சொன்னேனே, ஏன் செய்யல?" என்றார்.

கையெழுத்திட்ட அட்டை ஃபைலில் இருந்தது. அதை எடுத்து வீசியிருக்கலாம். மெர்ச்சண்டைசர் சொன்னது: "சார், அன்னைக்கு ரெண்டு மாதிரி பாத்தோம், ரிப் நீட்டுனதை எடுத்தோம். கட்டிங் நாளைக்குக் காலைலதான். அகலம் கூட்டணும்னா இப்பவே பையருக்கு அளவு அனுப்பிடறேன், ரெண்டு நாள் தள்ளும். எப்படிப் போகலாம் சார்?" மேனேஜர் சாம்பிளை மறுபடி இழுத்துப் பார்த்தார். "இதே போகட்டும்" என்றார். அட்டை ஃபைலை விட்டு வெளியே வரவில்லை. "பாத்தோம்", "எடுத்தோம்" என்ற பன்மைக்கு அங்கே நிறைய வேலை இருந்தது.

"பாத்து அனுப்பிரு" ரகம் அதற்குப் பின் ஒரே முறை வந்தது. கை மடிப்புத் தையலில் தாவல் தையல் இருந்த 300 பீஸ். அதில் மட்டும் அவர் இந்த மென்மையைக் கடைப்பிடிக்கவில்லை. குவாலிட்டி பிரிவின் பரிசோதனை அறிக்கையில் எண்ணிக்கையை ஏற்றச் சொல்லி, அனுப்புவதா மாற்றித் தைப்பதா என்ற முடிவைக் குவாலிட்டி மேனேஜரும் தன் மேனேஜரும் சேர்ந்து எடுக்குமாறு விட்டார். மாற்றித் தைத்தார்கள். மேனேஜர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விளைவு

அடுத்த ஆறு மாதத்தில் அவருடைய ஃபைல்களில் நூல், ஷேடு, கட்டிங் மூன்றிலும் தவறான புரிதலால் இழப்பு நேரவில்லை. சிறு தவறுகள் நேர்ந்தன: ஒரு முறை பாலிபேக் அளவு, ஒரு முறை ஹேங்டேக் கயிற்றின் நிறம். இரண்டுக்கும் திட்டு வாங்கினார். மேனேஜர் மாறவில்லை, "பாத்துப் பண்ணும்மா" இன்றும் வருகிறது. மற்ற மூன்று மெர்ச்சண்டைசர்களில் இருவர் அட்டை முறையை எடுத்துக்கொண்டார்கள்.

ஆண்டு மதிப்பீட்டில் மேனேஜர் 620 கிலோ விஷயத்தை எழுதியிருந்தார். மெர்ச்சண்டைசர் தன் பதில் பத்தியில் காஸ்டிங் ஷீட்டைப் பார்க்காதது தன் தவறு என்று ஒப்புக்கொண்டு, அதன்பின் நூல் பி.ஓ.வுக்கு முன் என்ன செய்கிறார் என்பதை மூன்று வரியில் எழுதினார். சம்பள உயர்வு கிடைத்தது, மற்றவர்களைவிடக் குறைவாக.

மறுபடி செய்தால் எது மாறும்

முதலாவது, ரிப்பீட் ஆர்டர் என்ற சொல்லைக் கேட்டதும் காஸ்டிங் ஷீட், பி.ஓ., பழைய ஆர்டர்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேனேஜரிடம் போவது. தானே கண்டுபிடிக்கக்கூடியதைக் கேட்கப் போனால் கேள்வியின் மதிப்பு குறைந்துவிடும்.

இரண்டாவது, ஜி.எம்.மிடம் போவதானால் ஆளைப் பற்றி அல்லாமல் படிவத்தைப் பற்றிப் போவது. "ரிப்பீட் ஆர்டருக்கு ஜிஎஸ்எம், கவுன்ட், ஷேடு எழுதிய ஒரு பக்கம் காஸ்டிங்கோடு வந்தால் நூல் தவறாது" என்று கேட்டிருந்தால் யாரும் குற்றவாளியாகியிருக்க மாட்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்தது ஃபேப்ரிக் இன்சார்ஜ்தான், அவருக்கு இந்தச் சண்டையில் பங்கே இல்லை.

620 கிலோவில் பெரும்பகுதி இன்னொரு பையரின் 180 ஜிஎஸ்எம் ஆர்டருக்குப் போய்விட்டது. மிச்சம் இரண்டு ரோல் குடோனில் இருக்கிறது. புதிதாகச் சேரும் மெர்ச்சண்டைசர்களுக்கு ஜிஎஸ்எம் கட்டரால் துணி வெட்டிப் பழகக் கொடுப்பது அதைத்தான்.